"கழிவுதானே சார்": ஒரு நூற்பாலை மோசடியும் உள்தணிக்கை பார்த்த இடங்களும்

மேற்கு மாவட்டம் ஒன்றில் உள்ள ஒரு நூற்பாலையில் நாங்கள் செய்த உள்தணிக்கையின் பதிவு இது. ஆலையின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். மோசடியைக் கண்டுபிடித்தோம் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. கண்டுபிடிப்பதற்கு முன் மூன்று வாரம் தவறான மனிதர் மீது சந்தேகத்தை வைத்திருந்தோம். அந்தத் தவறு ஏன் நடந்தது என்பதும் பதிவாக வேண்டும்.

பின்னணி

ஆலை கோம்பிங் செய்த பருத்தி நூல் தயாரிக்கிறது. பஞ்சைச் சிக்கெடுத்துச் சுத்தம் செய்யும் கார்டிங் முடிந்ததும் அதை லேப் என்ற தடித்த சுருளாகச் சுருட்டிக் கோம்பர் இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். கோம்பர் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டு நீள இழைகளை மட்டும் முன்னால் அனுப்பும். சீவி எடுத்த குட்டை இழைதான் கோம்பர் கழிவு. பெயர்தான் கழிவு, பார்ப்பதற்கு வெள்ளை வெளேரென்று தூசியில்லாமல் இருக்கும். குட்டை இழையிலேயே நூல் நூற்கும் ஓப்பன் எண்ட் மில்களும் மருத்துவப் பஞ்சு தயாரிப்பவர்களும் போட்டி போட்டு வாங்குவார்கள். நாங்கள் தணிக்கை செய்த காலத்தில் அந்த ஆலைக்குக் கிலோவுக்கு 110 ரூபாய் கிடைத்துக்கொண்டிருந்தது.

கார்டிங் பிரிவில் ஃபிளாட் ஸ்ட்ரிப் என்று இன்னொரு கழிவு வரும். அதில் இலைத் துணுக்கும் முடிச்சும் கலந்திருக்கும், நிறம் மங்கல். அதன் விலை 65 ரூபாய். கிலோவுக்கு 45 ரூபாய் இருக்கும் இந்த வித்தியாசத்தில்தான் மோசடி நடந்தது.

கோம்பருக்கு நாளொன்றுக்குச் சுமார் 6,000 கிலோ பஞ்சு போகிறது. அதில் 16 சதவீதம் கழிவாக வரும்படி இயந்திரத்தை அமைத்திருந்தார்கள். ஆக ஒரே நாளில் ஆயிரம் கிலோவை ஒட்டி விலையுள்ள கழிவு கிடங்குக்குப் போகிறது. அங்கே அதைப் பிரஸ்ஸில் அழுத்தி 80 கிலோ பேல்களாகக் கட்டி, ரகம் எழுதிய சீட்டை மாட்டி அடுக்குகிறார்கள்.

எங்களை அழைத்தவர் நிர்வாக இயக்குநர். கழிவுப் பஞ்சின் சந்தை விலை ஏறியிருந்தும், ஆலையின் மொத்தக் கழிவு விற்பனையைக் கிலோவால் வகுத்தால் கிடைக்கும் சராசரி விலை ஏறவில்லை, சற்று இறங்கியும் இருந்தது. விற்ற எடையில் குறைவில்லை, நூல் விளைச்சலிலும் மாற்றமில்லை. "எங்கேயோ ஒழுகுகிறது, எங்கே என்று தெரியவில்லை" என்றார்.

முதல் மூன்று வாரம்

மோசடி முக்கோணம் தணிக்கைத் துறையில் எல்லோருக்கும் பாடம். டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்கக் குற்றவியல் ஆய்வாளர், நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போனவர்களைச் சந்தித்துப் பேசி, 1953இல் தன் முடிவுகளை வெளியிட்டார். அவர்கள் எல்லோரிடமும் மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்ந்திருந்தன என்பது அவருடைய முடிவு. பணம் சார்ந்த ஓர் அழுத்தம், அதை யாருக்கும் தெரியாமல் தீர்த்துக்கொள்ள வேலையிலேயே இருந்த வாய்ப்பு, தான் செய்வது திருட்டில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்ட நியாயம். முக்கோணம் என்ற பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது.

பாடம் தெரிந்திருந்தும் நாங்கள் அதைத் தலைகீழாகப் பிடித்தோம். முதல் முனை அழுத்தம் என்பதால், யாருக்குக் கடன் இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினோம். இரண்டே நாளில் பதில் வந்தது. எடைமேடைக் குமாஸ்தாவைத் தேடி ஒரு ஃபைனான்ஸ்காரர் கேட்டுக்கே வந்து சத்தம் போட்டிருந்தார். குமாஸ்தா மனைவியின் அறுவை சிகிச்சைக்காக வாங்கிய கடன். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் வரம்பு வரை கடன் எடுத்திருந்தார், சக ஊழியர்களிடமும் கைமாற்று வாங்கியிருந்தார்.

பிறகு எங்கள் சோதனை முழுவதும் எடைமேடையைச் சுற்றியே நடந்தது. காலி லாரிகளின் எடையை மறுபடி எடுத்தோம். கழிவு ஏற்றிய 11 லாரிகளை வெளியே இருந்த தனியார் எடைமேடைக்கு அனுப்பி ஒப்பிட்டோம். எந்த லாரியிலும் 20 கிலோவுக்கு மேல் வித்தியாசமில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் ஆலை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கேன்டீனில் அந்த மனிதர் உட்கார்ந்த மேசையில் மற்றவர்கள் உட்காருவதை நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டு தவறுகள் செய்திருந்தோம். கிரெஸ்ஸி சொன்ன அழுத்தம் வெறும் கடனல்ல, பிறரிடம் சொல்லிக்கொள்ள முடியாத சிக்கல். குமாஸ்தாவின் கடன் ஊருக்கே தெரியும், உதவி கேட்டு அவர் எல்லாக் கதவையும் தட்டியிருந்தார். கடன் என்ற ஒன்றைத் தவிர அந்த வரையறை அவருக்குப் பொருந்தவே இல்லை. மற்றத் தவறு இதைவிட எளிமையானது. எடைமேடையில் இருப்பவரால் எடையைத்தான் மாற்ற முடியும். எங்களிடம் வந்த புகாரோ விலையைப் பற்றியது. எடை குறைந்திருந்தால் விற்பனைக் கிலோவும் சேர்ந்து குறைந்திருக்கும், சராசரி விலை அப்படியே நின்றிருக்கும். ஒரு தாளில் கணக்குப் போட்டிருந்தால் முதல் நாளிலேயே தெரிந்திருக்கும்.

கேள்வியை மாற்றினோம்

நான்காவது வாரம் வாய்ப்பு என்ற முனையிலிருந்து தொடங்கினோம். ஒரு பேல் கோம்பரிலிருந்து கேட் வரை போகும் வழியை நடந்தே பின்தொடர்ந்தோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேலைத் தொடுவது யார், எழுதுவது யார், எழுதியதைச் சரிபார்ப்பது யார் என்று குறித்தோம். ஆட்களின் பெயரை எழுதவில்லை, பதவியை மட்டும் எழுதினோம்.

எடைமேடை எடையைப் பார்க்கிறது. கேட்டில் காவலர் பேல்களை எண்ணுகிறார். கணக்குப் பிரிவு ரகத்துக்கேற்ற விலையைப் போடுகிறது. ரகம் எது என்பதை மட்டும் ஒரே ஒரு பதவிதான் சொல்கிறது: கழிவுக் கிடங்குப் பொறுப்பாளர். பேல் கட்டுவதை மேற்பார்வை செய்வதும், ரகச் சீட்டு எழுதுவதும், இருப்புப் புத்தகம் வைத்திருப்பதும், லாரிக்கு ஏற்றும் பட்டியலைத் தயாரிப்பதும் அவரே. அவருக்குப் பிறகு யாரும் பேலைப் பிரித்துப் பார்ப்பதில்லை. வாங்குபவரும் ஆறு ஆண்டாக ஒரே வியாபாரி.

எப்போதும் இப்படித்தானா என்று கேட்டோம். முன்பு கிடங்கில் இரண்டு பேர் இருந்தார்கள். ரகச் சீட்டில் இரண்டு கையெழுத்து விழும். ஒருவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்தை நிரப்பவில்லை. அது 16 மாதங்களுக்கு முன். சராசரி விலை சரியத் தொடங்கியது 14 மாதங்களுக்கு முன்.

இந்த மோசடியைக் காட்டக்கூடிய பதிவு, கிடங்குப் பொறுப்பாளரின் கை படாத இடத்தில் இருக்க வேண்டும். அது தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருந்தது. அங்கே வாரம் ஒருமுறை ஒவ்வொரு கோம்பரையும் சிறிது நேரம் ஓட்டி, வந்த கழிவையும் வந்த பஞ்சுத் திரியையும் தனித்தனியாக நிறுத்து, இரண்டையும் கூட்டிய எடையில் கழிவு எத்தனை சதவீதம் என்று எழுதிவைக்கிறார்கள். நூலின் தரத்துக்காக எடுக்கும் அளவு அது. கழிவு விற்பனையோடு அதை யாரும் சேர்த்துப் பார்த்ததே இல்லை. அந்தப் பதிவேடு நூற்பு மேலாளரின் மேசையோடு நின்றுவிடும்.

ஆய்வகப் பதிவேட்டையும் கிடங்குப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரண்டு பேர் இருந்த காலத்தில் ஆய்வகம் 16.1 சதவீதம் என்றால் கிடங்குப் புத்தகம் 15.9 என்று சொன்னது. பறக்கும் இழை, ஈரப்பதம் எல்லாம் சேர்ந்து அந்த அளவு வித்தியாசம் இயல்பு. கடைசி 14 மாதத்தில் ஆய்வகம் அதே 16.1இல் நிற்க, கிடங்கின் சராசரி 15.2க்கு இறங்கியிருந்தது. இயல்பான வித்தியாசத்தைக் கழித்தால் 0.7 சதவீதம் குறைகிறது. மாதம் 26 நாளுக்கு 1,56,000 கிலோவில் 0.7 சதவீதம் என்றால் ஏறத்தாழ 1,100 கிலோ. 14 மாதத்துக்கு 15,400 கிலோ. அதே மாதங்களில் கார்டிங் கழிவு கிட்டத்தட்ட அதே அளவு கூடியிருந்தது.

மாத அறிக்கையில் ஃபிளாட் ஸ்ட்ரிப்பையும் மற்றக் கார்டிங் கழிவுகளையும் ஒரே தலைப்பில் கூட்டிப் போட்டிருந்ததால் ஏற்றம் பளிச்சென்று தெரியவில்லை. "இந்த வருடப் பஞ்சில் குப்பை அதிகம்" என்ற விளக்கத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அதையும் சோதித்தோம். பஞ்சு வாங்கும்போது எடுத்த குப்பை அளவு முந்தைய ஆண்டைவிடக் கூடவில்லை. கோம்பர் அமைப்புப் பதிவேட்டிலும் மாற்றமில்லை.

லாரியைத் திறந்தது

எண்கள் சந்தேகத்தை மட்டுமே தரும். பேலைத் திறந்தால்தான் ஆதாரம் கிடைக்கும். நிர்வாக இயக்குநர் ஒருவரிடம் மட்டும் சொன்னோம். ஆய்வகப் பதிவேடு, ரகச் சீட்டு அடிக்கட்டைகள், லாரிப் பட்டியல்கள் மூன்றையும் முதல் நாளே நகலெடுத்து வைத்துக்கொண்டோம். எடைமேடை விஷயத்தில் வதந்தி எவ்வளவு வேகமாகப் போனது என்று பார்த்திருந்ததால் இம்முறை ஆலையில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஃபிளாட் ஸ்ட்ரிப் ஏற்றும் நாள் மாதம் ஒன்று. 50 பேல், 4,000 கிலோ. எடை போட்டு, கேட் பாஸ் கையெழுத்தாகி, லாரி புறப்படும் நேரத்தில் நிறுத்தினோம். அதற்கு முன் நிறுத்தியிருந்தால் "ஏற்றும்போது மாறிவிட்டது, திருத்தப்போகிறேன்" என்று சொல்ல இடமிருக்கும். கையெழுத்து விழுந்த பிறகு அந்த இடமில்லை.

கண்ணை மூடிக் காட்டியதுபோல் 10 பேல் இறக்கினோம். முதல் இரண்டு பேலில் உள்ளும் புறமும் மங்கலான பட்டை பட்டையான பஞ்சுதான். மூன்றாவதைப் பிரித்தபோது மேலே ஒரு கையளவு தடிமனுக்கு ஃபிளாட் ஸ்ட்ரிப் இருந்தது. அதை விலக்கியதும் வெள்ளைப் பஞ்சு வந்தது. ஆய்வகப் பெண் ஒரு பிடி எடுத்து விரலால் இழுத்துப் பார்த்தார். இழை குட்டையாக இருந்தது, துணுக்கு எதுவும் இல்லை. "கோம்பர்" என்று ஒரே வார்த்தை சொன்னார். பத்தில் மூன்று பேல் அப்படி இருந்தது. முழு லாரியையும் இறக்கினோம். ஐம்பதில் பதினான்கு.

பொறுப்பாளர் சொன்னது

மனிதவள மேலாளரும் இன்னொரு தணிக்கையாளரும் உடனிருக்க அவரிடம் பேசினோம். 19 ஆண்டு சர்வீஸ். ஆலையில் நேர்மைக்கு உதாரணம் காட்டப்படுபவர். எந்த அளவுக்கு என்றால், தொழிலாளர்கள் அவரிடம் சீட்டு கட்டினார்கள்.

அந்தச் சீட்டுதான் சிக்கல். 20 பேர், மாதம் 10,000 ரூபாய், 20 மாதம். பதிவு செய்யாத சீட்டு. ஐந்தாவது மாதத்துக்குள் சீட்டு எடுத்த இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு ஊர் மாறிப் போய்விட்டார்கள். மாதம் 20,000 ரூபாய் துண்டு விழுந்தது. சீட்டுப் பிடித்தவர் என்ற முறையில் அதைப் போட வேண்டியவர் அவர். நிர்வாகத்திடம் சொன்னால் பதிவில்லாத சீட்டு நடத்தியது தெரியும். தொழிலாளர்களிடம் சொன்னால் 19 ஆண்டு சம்பாதித்த பெயர் போகும். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்றார். முதல் மாதம் நகையை வைத்துச் சமாளித்திருக்கிறார். அடுத்த மாதம் முதல் பேல்கள்.

45 ரூபாய் விலை வித்தியாசத்தில் வியாபாரி அவருக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் கொடுத்திருக்கிறார், மிச்சம் 25 வியாபாரிக்கு. மாதம் 1,100 கிலோ என்றால் 22,000 ரூபாய். திருடிய அளவு மாதா மாதம் ஏறாமலும் இறங்காமலும் ஏன் இருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அந்த அளவைத் தீர்மானித்தது சீட்டுத் தவணை.

பேச்சின் நடுவே சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மாதவாரியாகப் பேல் எண்ணிக்கை எழுதியிருந்தது, மொத்தம் 190. அதாவது 15,200 கிலோ. எங்கள் கணக்குக்கு 200 கிலோதான் வித்தியாசம். "திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் சார் எழுதிவைத்தேன். இன்னும் ஒரு மாதத்தில் சீட்டு முடிகிறது" என்றார். அவர் அதை மனதார நம்பினார் என்றே நினைக்கிறேன். ஆனால் 14 மாதத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை, தவணைக்கு மேல் மாதம் 2,000 ரூபாயும் வந்துகொண்டிருந்தது.

பிறகு அவர் சொன்ன ஒரு வாக்கியம்: "கழிவுதானே சார், நூலையா எடுத்தேன்?" இதே சொல்லை நாங்கள் முன்பே கேட்டிருந்தோம். தணிக்கையின் முதல் நாள் கிடங்கைச் சுற்றிப் பார்த்தபோது, இங்கே ஏன் ஒருவர் மட்டும் என்று கேட்டதற்கு ஒரு மேலாளர் "கழிவுதானே சார், அதற்கு எதற்கு இரண்டு பேர்" என்றார். காவலர் "கழிவு பேலை யார் சார் பிரித்துப் பார்ப்பார்கள்" என்றார். என் குறிப்பேட்டில் இரண்டும் இருந்தன, அடிக்கோடிடாமல். மாதம் 26 லட்சம் ரூபாய்க்கு விற்கும் பொருளை ஆலையே குப்பையாகப் பேசிக்கொண்டிருந்தது. பொறுப்பாளர் புதிதாக நியாயம் எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

எடுத்த முடிவுகள்

ஆலைக்கு இழப்பு 15,200 கிலோவுக்கு 45 ரூபாய் வீதம் 6,84,000 ரூபாய். அன்றே ராஜினாமாக் கடிதம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம் என்று நிர்வாகத்தில் ஒரு கருத்து இருந்தது. நாங்கள் வேண்டாம் என்றோம். அறைக்குள் நடந்த பேச்சை மட்டும் வைத்து வாங்கிய கடிதம், மிரட்டி வாங்கியதாக நாளை மாறலாம். குற்றச்சாட்டுக் கடிதம் கொடுத்து, விளக்கம் பெற்று, முறையான உள்விசாரணை நடத்தி, அதன் பிறகு பணிநீக்கம் செய்தார்கள். பணிக்கொடையிலிருந்து இழப்பைப் பிடிப்பதற்கும் இந்த ஒழுங்கு தேவைப்பட்டது.

வியாபாரி "ரகச் சீட்டில் என்ன எழுதியிருந்ததோ அதற்குத்தான் பணம் கொடுத்தேன்" என்றார். அவருடைய முன்பணத்தில் தனக்கு வர வேண்டியதை ஆலை பிடித்துக்கொண்டு உறவை முறித்தது. போலீஸ் புகார் கொடுக்கவில்லை. அது நிர்வாகத்தின் முடிவு. எனக்கு உடன்பாடில்லை என்பதை அறிக்கையில் எழுதினேன். அதிக லாபம் பார்த்த வியாபாரி வேறு ஆலைகளில் இன்னும் கழிவு வாங்குகிறார்.

எடைமேடைக் குமாஸ்தாவிடம் நிர்வாக இயக்குநர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டோம். அவர் பதில் பேசவில்லை. இரண்டு மாதத்தில் வேறு ஆலைக்குப் போய்விட்டார்.

இனி வேறு விதமாகச் செய்வது

இப்போது எங்கள் குழு தணிக்கைத் திட்டம் போடும்போது முக்கோணத்தை வாய்ப்பு முனையிலிருந்தே தொடங்குகிறோம். பதவிகளைப் பட்டியலிட்டு, ஒரு பொருளின் அளவையோ ரகத்தையோ விலையையோ வேறு யாரும் சரிபார்க்காமல் முடிவுசெய்யும் பதவி எது என்று கேட்கிறோம். அந்தப் பதவியில் இருப்பவர் தவறு செய்தால் எந்த எண் அசையும், எது அசையாது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்கிறோம். எடைமேடையில் நாங்கள் விட்ட படி அதுதான்.

அழுத்தத்தை ஆள் தேடப் பயன்படுத்துவதில்லை. சொல்ல முடியாத சிக்கல் வெளியே தெரியாது என்பதுதான் அதன் இயல்பு. வெளியே தெரிகிற கடனை வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தவறான ஆளிடம்தான் போய் நிற்போம். காலத்தை அறிய மட்டும் அது உதவுகிறது. இந்த ஆலையில் வாய்ப்பு 16 மாதம் திறந்திருந்தது, திருட்டு 14 மாதம். முதல் இரண்டு மாதம் அதே மனிதர் அதே கிடங்கில் எதையும் தொடவில்லை. எண் எப்போது திரும்பியது என்று பார்த்து, அந்தச் சமயத்தில் அந்தப் பதவியைச் சுற்றி என்ன மாறியது என்று தேடுகிறோம். விடுப்புப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்க்கிறோம். இவர் அந்த 14 மாதத்தில் பேல் ஏற்றும் வாரம் எதிலும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. முந்தைய ஆண்டுகளில் அப்படி இல்லை.

நியாயத்தைப் பேச்சில் கேட்கிறோம். எந்தப் பொருளைப் பற்றி, எந்த விதியைப் பற்றி ஆட்கள் அலட்சியமாகப் பேசுகிறார்களோ அதைக் குறித்துக்கொண்டு, பணமதிப்பில் அது எவ்வளவு என்று பக்கத்திலேயே எழுதுகிறோம்.

ஆலையில் ரகச் சீட்டுக்கு மறுபடி இரண்டு கையெழுத்து வந்திருக்கிறது. அதில் ஒன்று ஆய்வகத்தினுடையது. மாதம் ஒருமுறை ஆய்வகச் சதவீதமும் கிடங்குச் சதவீதமும் ஒரே தாளில் நிர்வாக இயக்குநருக்குப் போகின்றன. ஒவ்வொரு லாரியிலும் மூன்று பேலைப் பிரித்துப் பார்க்கிறார்கள். கூட்டுறவுச் சங்கக் கடன் வரம்பை உயர்த்தச் சொன்னோம், உயர்த்தினார்கள். ஆனால் பொறுப்பாளருக்கு இருந்ததைப் போன்ற சிக்கலோடு யாரும் சங்கத்துக்குப் போய் நிற்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆறு மாதம் கழித்து மறு தணிக்கைக்குப் போனபோது ஆய்வகம் 16.0, கிடங்கு 15.8 என்று இருந்தது. ரகச் சீட்டுகளைப் புரட்டினோம். பகல் ஷிப்டுகளில் இரண்டு கையெழுத்தும் இருந்தன. இரவு ஷிப்டில் கட்டிய பேல்களின் சீட்டுகளில் ஆய்வகக் கையெழுத்து மட்டும் மறுநாள் காலை ஒரே மையில், ஒரே மூச்சில் போட்டிருந்தது. இரவில் ஆய்வகத்தில் ஆள் இல்லை. அறிக்கையின் முதல் வரியாக அதை எழுதிக் கொடுத்திருக்கிறோம்.